இரண்டு செக் புத்தகம், ஒரு கணக்கு

அன்று வங்கி மனேச்சரின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் மனேச்சர், வெள்ளைக்காரர். அவருக்குப் பக்கத்தில், உட்காராமல், வங்கியின் தமிழ் உத்தியோகத்தரான சிறாப்பர். இந்தப் பக்கம் மூன்று கதிரைகள்: ஒன்றில் நான், ஒன்றில் என் மனைவியின் தமையன், எங்களுக்கு நடுவில் என் மனைவி. வேறு ஒருவரும் இல்லை. இதைத் திருத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு வெள்ளவத்தையில் ஒருவர், வழக்குப் பேசும் பிறக்கிராசி ஒருவரும் அங்கே இருந்தார் என்றும் என்னை ஏதோ கடுதாசியில் கையெழுத்து வைக்கச் சொல்லி மிரட்டினார்கள் என்றும் கதை கட்டினார். ஒருவரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எதிர்த்துக் கதைக்கவாவது எனக்கு ஏதாவது இருந்திருக்கும்.

ஒரு பெண் அந்த அறைக்குள் வந்தது மனேச்சருக்குப் புதினமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து நின்று அவளுக்குக் கதிரையை இழுத்து வைத்தார். அவள் வரவில்லை என்றால் தானும் வரமாட்டேன் என்று மச்சான் சொல்லிவிட்டதால்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாட்களில் நானும் அவரும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்வேன், எனக்குச் சொல்ல வேண்டியதை அவரும் அவளிடம் சொல்வார். இருவருக்கும் நடுவில் அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

என் சட்டைப் பையில் ஒரு பற்றுச்சீட்டு இருந்தது. ஆயிரத்தெண்ணூறு ரூபாய். எனக்கும் மச்சானுக்கும் சேர்த்து இருந்த வங்கிக் கணக்கில் ஏறியிருந்த மூவாயிரத்து அறுநூறு ரூபாய் கடனில் சரிபாதியை என் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தேன். "உன்னுடைய பாதி தீர்ந்தது" என்று மனேச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் சேமிப்பில் மிச்சம் இருந்தது இரண்டாயிரத்து இருநூறு. அதை எடுத்துக்கொண்டு போய், நாங்கள் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை வீட்டை வாங்கி அதன் உறுதியை என் பெயருக்கு எழுதுவிக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில், இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள வீடு. ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும். சொந்தக்காரி ஒரு பறங்கிப் பெண், வயதானவள். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு கொழும்பிலே ஆட்கள் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். அவளும் மலைநாட்டில் இருந்த மகனிடம் போக நினைத்தாள். முன்பு பத்தாயிரத்துக்குக் குறையமாட்டேன் என்றவள் ஆறாயிரத்துக்கு இறங்கினாள். ஐந்நூறு முற்பணம் கொடுத்துவிட்டேன். உறுதி எழுதும் அன்று இரண்டாயிரம் கையில் கொடுக்க வேண்டும், மிச்சத்தை வீட்டை அவளுக்கே ஈடு வைத்து மாதா மாதம் கட்டலாம் என்று பேச்சு. இப்படி ஒரு விலை குண்டு விழும் என்று ஊர் பயந்த காலத்தில் மட்டுமே கிடைக்கும். பிழைக்கத் தெரிந்தவன் வாங்குவான் என்று எல்லாரும் சொன்னார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக நானும் பிழைக்கத் தெரிந்தவனாக இருக்கப் போனேன்.

எங்கள் தொழில் சாக்கு. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய ஸ்டோர். அரிசி வந்த சாக்கு, சீனி வந்த சாக்கு, கொப்பறா ஏற்றிய எண்ணெய்ச் சாக்கு, எல்லாவற்றையும் வாங்கி, உதறி, வெயிலில் போட்டு, கிழிந்ததைத் தைத்து விற்கிறது. ஆறேழு பெண்கள் கோணி ஊசியும் சணலுமாக இருந்து தைப்பார்கள். தூசி மூக்கை அடைக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்தத் தூசிதான் தெரிந்த உலகம். மச்சான் வாங்குகிற பக்கம், நான் செலவுப் பக்கம்: கூலி, ஸ்டோர் வாடகை, வண்டிக்காரன்.

எல்லாம் பாதிக்குப் பாதி. இது எங்களுக்குள் இருந்த முறை, நாங்களாகப் பழகியது. தைத்து முடிந்த சாக்கைச் சனிக்கிழமை இரண்டு அடுக்காக அடுக்குவோம், அவர் அடுக்கு, என் அடுக்கு. அவர் அடுக்கில் எலி கடித்தால் நட்டம் அவருக்கு, என் அடுக்கு மழையில் நனைந்தால் எனக்கு. தேத்தண்ணிச் செலவைக்கூடப் பிரித்துக்கொள்வோம். இந்த முறையில் சண்டை வந்ததே இல்லை. அதனால் உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

வங்கியில் எங்கள் இருவர் பெயரிலும் ஒரே கணக்கு. தொடங்கும்போது இருவரும் ஒப்பமிட வேண்டிய கணக்காகத்தான் தொடங்கினோம். ஒரு செக் புத்தகம். அவர் கையெழுத்து இல்லாமல் என் செக் செல்லாது, என் கையெழுத்து இல்லாமல் அவர் செக் செல்லாது. சங்கடந்தான். அவர் காலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சாக்கு வாங்கப் போய்விட்டால் வண்டிக்காரனுக்குக் கொடுக்கக் கடன் கேட்டுத் திரிவேன். ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு சதமும் எனக்குத் தெரியாமல் போனதில்லை.

அதை மாற்றச் சொன்னது நான்தான். சிங்கப்பூர்ச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. குண்டு விழுந்து எங்களில் ஒருவர் செத்துப்போனால் மற்றவர் என்ன செய்வது? இரண்டு ஒப்பம் வேண்டிய கணக்கில் ஒரு ஒப்பம் செத்துவிட்டால் பணம் அப்படியே நின்றுவிடும். செத்தவருடைய சொத்தைப் பார்க்கக் கோர்ட்டு ஆள் நியமித்து, கடுதாசி வந்து, அதுவரை ஸ்டோர் பட்டினி. மச்சானிடம் சொன்னேன். அவர் சாக்குக் குவியல் மேலே சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"என்ன காணும், குண்டு உம்முடைய தலையிலதான் விழும் எண்டு ஜப்பான்காரன் கடுதாசி போட்டவனோ?"

"சிரியாதேங்கோ. நாளைக்கு ஒண்டு நடந்தால் நான் ஆரிட்டைப் போய் நிக்கிறது?"

"நான் செத்தால் நீர் அழுதுகொண்டு நிப்பீர். நீர் செத்தால் நான் உம்முடைய அடுக்கையும் சேத்து வித்துப்போட்டு அழுவன்."

ஆனாலும் வந்தார். சிறாப்பர்தான் எங்களை அந்த வங்கிக்குக் கொண்டுபோனவர். வங்கியில் தமிழ்ப் புள்ளிகள் யார் எவர் என்று மனேச்சருக்குச் சொல்லி, அவர்களுடைய கடனுக்குத் தன் பெயரைப் பிணையாகக் கொடுத்து நிற்பது அவருடைய உத்தியோகம். வெள்ளவத்தையில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருந்தார். அவர் எங்களை இருத்தி ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"தம்பிமார், இருவர் கணக்கு மூண்டு விதம். இப்ப உங்கட கணக்கு ரெண்டு பேரும் ஒப்பம் வைக்கிறது. ரெண்டாவது, எவரேனும் ஒருவர் ஒப்பம் வைச்சால் போதும் எண்டுறது. அதிலயும் ஒருத்தர் செத்தால் கணக்கு மறிபடும். மூண்டாவது, எவரேனும் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர். அதில ஒருத்தர் கண்ணை மூடினால் மற்றவர் கேள்வி இல்லாமல் எடுக்கலாம்."

"அதுதான் வேணும், ஐயா, மூண்டாவது" என்றேன்.

"பொறும். இந்தக் கடுதாசியில வேறயும் இருக்கு. ஒருத்தர் கணக்கில உள்ளதுக்கு மேல எடுத்தாலும் ரெண்டு பேரும் பொறுப்பு, சேர்ந்தும் தனித்தனியாயும்."

"சரி, ஐயா. ரெண்டு பேரும் ஒரேநாளில செத்தால்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அதற்கும் பதில் சொன்னார். நான் சாவைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டேன். ஒருவர் யாழ்ப்பாணத்தில் செத்தால், ஒருவர் காணாமல் போனால், செத்தது வங்கிக்குத் தெரியாமல் இருந்தால். கடனைப் பற்றி ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. "சேர்ந்தும் தனித்தனியாயும்" என்றது காதில் விழுந்தது. இருவரும் பொறுப்பு, அவரவர் பங்குக்கு, என்று மனம் அதைப் பாதிக்குப் பாதியாகவே கேட்டுக்கொண்டது. கையெழுத்து வைத்தோம். அவருக்கு ஒரு செக் புத்தகம், எனக்கு ஒரு செக் புத்தகம். வெளியே வந்து, அவருடைய புத்தகத்தில் போகிறது அவருடையது, என்னுடையதில் போகிறது என்னுடையது என்று எண்ணி அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு காலை, வெள்ளவத்தை ஸ்டேசனில் ரயிலுக்கு நிற்கும்போது சிறாப்பர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, உம்முடைய கணக்கு சிவப்பில நிக்குது. தெரியுமோ?"

"என்ன சிவப்பு?"

"உள்ளதுக்கு மேல மூவாயிரத்து அறுநூறு போயிருக்கு. மச்சானுடைய மூண்டு செக். நான் உங்கட ஸ்டோரை நம்பி மனேச்சரிட்டைச் சொல்லி விடுவிச்சனான். உமக்குத் தெரிஞ்சுதான் நடக்குது எண்டு நினைச்சன்."

ரயில் வந்து நின்றது. அவர் ஏறினார். நான் ஏறவில்லை. அடுத்த ரயிலிலும் ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

மச்சான் திருடவில்லை. இன்றும் அப்படிச் சொல்லமாட்டேன். போர் வந்ததால் சாக்குக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. மண் நிரப்பிக் கட்டிடங்களுக்கு முன்னால் அடுக்க அரசாங்கமே சாக்குத் தேடியது. கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் வியாபாரி, நானா என்று கூப்பிடுவோம், கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த புதுச் சாக்கை, நடுக்கடலில் இருக்கும்போதே, கடுதாசியோடு மச்சானுக்கு விற்றார். கணக்கில் இருந்த ஆயிரத்து நானூறும் அதற்கு மேலே வங்கி விட்ட மூவாயிரத்து அறுநூறும் சேர்ந்து ஐயாயிரம். கப்பல் வந்தால் இரட்டிப்பு. எனக்குச் சொல்லாததற்கு அவர் சொன்ன காரணம்:

"சொன்னால் நீர் விடமாட்டீர். காசு வந்த பிறகு பாதியை உம்முடைய மடியில கொட்டிப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

நான் நேரே வங்கிக்குப் போய், இனி இருவரும் ஒப்பமிட்டால் ஒழிய ஒரு செக்கும் விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு மச்சானுடைய சம்மதம் தேவையில்லை, யாரேனும் ஒருவர் மறித்தால் வங்கி மறிக்கும் என்றார் சிறாப்பர். அன்றிலிருந்து மறித்தார்கள். முன்னே போனது போனதுதான்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வியாழக்கிழமை பின்னேரம், நானா ஒரு செக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்குள் வந்தார். மச்சான் இல்லை. நான் மட்டும்.

"இந்தா பாருங்க தம்பி, செக் திரும்பி வந்தீக்கிது. ரெண்டு பேர்ட ஒப்பமும் வேணுமாம். ஒங்கட மச்சான் கப்பல் சாமானுக்கு இன்சூரன்ஸ் போடத் தந்த செக். போர்க்கால இன்சூரன்ஸ். காசு விழாட்டி ஏஜென்ட் எழுத மாட்டான்."

"எவ்வளவு, நானா?"

"இருநூத்தி நாப்பது. நான் கைக்காசக் கட்டிருப்பன், எனக்கும் இப்ப கையில ஒண்டும் இல்ல. ஒரு ஒப்பம் வைங்க, அவ்வளவுதான்."

செக்கை வாங்கி ஒப்பம் வைக்கப் பேனையை எடுத்தேன். கணக்கோ சிவப்பு. இன்னும் இருநூற்று நாற்பது சிவப்பில் ஏறும். அதை வங்கி விடுமோ விடாதோ. விட்டால் அந்தக் கடனுக்கும் என் ஒப்பம் விழும். மச்சான் வரட்டும், கதைத்துவிட்டு வைக்கிறேன் என்றேன். நானா சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார்.

"நாளைக்குப் பெரிய வெள்ளி. சனியும் திங்களும் லீவு. பாங்கு செவ்வாதான் தொறக்கும். நீங்க இப்ப வெச்சாலும் செவ்வாதான். பரவால்ல, யோசிச்சுச் செய்ங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்பில் குண்டு விழுந்தது. நாங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தோம். யன்னல் கண்ணாடி ரயில் போகாமலே நடுங்கியது. சாகவில்லை. இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது எதுவோ அது வந்து, என்னைத் தொடாமல் போய்விட்டது. அன்று மாலை கடவுளைக் கும்பிட்டேன். அதே கிழமையில் வங்காள விரிகுடாவில் பல கப்பல்கள் ஜப்பான்காரனின் குண்டில் மூழ்கிப் போயின. எங்கள் சாக்கு வந்த கப்பலும் அதில் ஒன்று. நானா வந்து சொன்னபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். செக் காசாகவில்லை, காப்புறுதி எழுதப்படவில்லை. கடலில் போன சாக்கு, கடுதாசி கைமாறிய நாளிலிருந்து, எங்களுடையது.

அன்று மச்சான் என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்: "என்ர செக்கை நீர்தான் மறிச்சனீர்." அதற்குப் பிறகு எங்களுக்குள் நேர்ப்பேச்சு இல்லை.

நான் அன்றைக்கே ஒப்பம் வைத்திருந்தாலும் செவ்வாய்தானே, அதற்குள் கப்பல் போயிருக்குமே, என்று எத்தனை தடவை நாட்களை அடுக்கிப் பார்த்திருப்பேன். கப்பல் எந்த நாளில் போனது என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. அதனால் அந்த அடுக்கு ஒருநாளும் முடியவில்லை.

வங்கிக் கடிதம் வந்தது. இருவருக்கும் தனித்தனிக் கடிதம், இரண்டிலும் முழுத்தொகை. எழுதியவர் பிழைவிட்டிருக்கிறார் என்று நினைத்து, என் பாதியைக் கொண்டுபோய்க் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "எங்கட பாதி முடிஞ்சுது, இனி உன்ர அண்ணையின்ர பாடு" என்றேன். அன்றிரவு அவள் புது வீட்டில் துளசி எங்கே வைப்பது என்று கதைத்தாள். வாடகை வீட்டைப் புது வீடு என்றாள். அதிலேயே அஞ்சு வருசமாக இருந்தோம்.

இனி அந்த அறை.

பற்றுச்சீட்டை மேசைமேல் வைத்தேன். மனேச்சர் அதைப் பார்த்துத் தலையசைத்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். சிறாப்பர் சொன்னார்:

"நன்றி எண்டு சொல்லுறார். அது கணக்கில சேந்திட்டுது. மிச்சம் ஆயிரத்தெண்ணூறும் வட்டி நாப்பத்தாறும்."

"அது மச்சானுடைய பாதி, ஐயா. அவருடைய செக் புத்தகத்தில போனது. வேணுமெண்டால் மூண்டு செக்கிலயும் ஆரின்ர ஒப்பம் எண்டு பாக்கச் சொல்லுங்கோ."

சிறாப்பர் மொழிபெயர்த்தார். மனேச்சர் கோபப்படவில்லை. மெல்லிய குரலில், பிள்ளைக்குச் சொல்வது போல, நீளமாகச் சொன்னார்.

"பாங்குக்குப் பாதி இல்லையாம், தம்பி. புத்தகம் ரெண்டு, கணக்கு ஒண்டு. ஆர் ஒப்பம் வைச்சாலும் ரெண்டு பேரும் வைச்ச மாதிரித்தான் எண்டு நீங்கள் எழுதித் தந்திருக்கிறியள். சேர்ந்தும் தனித்தனியாயும் எண்டால், முழுக் காசையும் ரெண்டு பேரிட்டையும் கேக்கலாம், ஒருத்தரிட்டையே முழுதையும் கேக்கலாம். ஆரிட்டை இருக்குதோ அவரிட்டைக் கேப்பினம். ஒரு தரத்துக்கு மேல வாங்க மாட்டினம், அவ்வளவுதான்."

"நான் ஒரு சதமும் எடுக்கயில்லை, ஐயா!"

"தெரியும்."

"கப்பல் வந்திருந்தால் பாதி லாபம் இவருக்குத்தானே வந்திருக்கும்" என்றார் மச்சான், என் மனைவியின் பக்கம் திரும்பி. அவளிடம் சொன்ன கதை, எனக்கான கதை. "கேட்டுச் சொல்லு, சாக்கு ஸ்டோருக்கு வாங்கினதோ, நான் ரெண்டாங் கலியாணம் கட்ட வாங்கினதோ?"

"அண்ணை, வாயை மூடுங்கோ" என்றாள் அவள்.

நான் யோசித்து வைத்திருந்த கடைசிக் கதையை எடுத்தேன். "சரி. என்ர பாதியைக் கட்டிப்போட்டன். என்ர பெயரை மட்டும் இந்தக் கடனில இருந்து எடுத்துவிட்டு மிச்சத்தை மச்சானிட்டைக் கேக்கட்டும். இதைச் சொல்லிப் பாருங்கோ, ஐயா."

மனேச்சர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அது ஏலாதாம். கடன்காரர் ரெண்டு பேரில ஒருத்தரை பாங்கு விடுவிச்சால், மற்றவரும் அப்ப நானும் விடுபட்டன் எண்டு கோர்ட்டில சொல்லலாமாம். அதால ஒருத்தரையும் எழுதி விடுவிக்க மாட்டினம்."

"மச்சானுக்குத் தவணை?"

"மச்சானிட்டை என்ன இருக்கு?" சிறாப்பர் மச்சானைப் பார்க்காமல் கேட்டார். "தவணை போட்டால் தாறதுக்கு உழைப்பு வேணும். என்ர பெயரும் இதில நிக்குது, தம்பி. மிச்சம் வராட்டி மனேச்சர் என்னட்டைத்தான் திரும்புவார்."

அப்போதுதான் அவர் மேசையின் அந்தப் பக்கத்து ஆள் என்பது எனக்கு உறைத்தது. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. என் பக்கத்தில் நிற்க அவருக்கு ஆயிரத்தெண்ணூறு ரூபாய் செலவாகும்.

மனேச்சர் ஒரு துண்டுக் கடுதாசியைச் சிறாப்பரிடம் நீட்டினார். சிறாப்பர் அதை வாசித்துவிட்டுச் சொன்னார்.

"உம்முடைய சொந்தச் சேமிப்பு இந்த பாங்கிலதான் கிடக்கு. ரெண்டாயிரத்து இருநூறு. அந்தக் கடுதாசியில அதுக்கும் இடம் இருக்கு. ஒருத்தருடைய சொந்தக் கணக்கில உள்ளதையும் இந்தக் கடனுக்கு எடுக்கலாம் எண்டு. நீர் வழக்குக்குப் போகத் தேவையில்லை, பாங்கும் போகத் தேவையில்லை. இண்டைக்கே மாத்துறார்."

"அது வீட்டுக் காசு" என்றாள் என் மனைவி. அந்த அறையில் அவள் மனேச்சரைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். தமிழில் சொன்னாள். மனேச்சர் சிறாப்பரைப் பார்த்தார். சிறாப்பர் அதை மொழிபெயர்க்கவில்லை.

மனேச்சர் மறுபடியும் எழுந்து நின்றார். நாங்கள் போகலாம் என்று அர்த்தம்.

வெளியே வெயில். துறைமுகப் பக்கத்துத் தெருவில் மண் சாக்குகள் தோளளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதில் எங்கள் ஸ்டோரில் தைத்ததும் இருக்கும். மச்சான் ஓர் இடத்தில் நின்றார். என்னை நேரே பார்த்தார்.

"நான் தருவன், காணும்."

"எதை?"

"என்ர பாதியை. எப்படியும் தருவன். நீர் வழக்குப் போட்டாலும் தருவன், போடாட்டிலும் தருவன்."

வழக்குப் போடலாம் என்பதையும் பிறகு ஒரு பிறக்கிராசி சொன்னார். வங்கிக்கு முழுதும் கட்டியவன், தன் பங்குக்கு மேலே கட்டியதை மற்றவரிடம் கேட்கலாம், சட்டத்தில் அது உண்டு என்றார். தன் கட்டணத்தையும் சொன்னார். மனைவியின் தமையன்மேல், கையில் சல்லி இல்லாத ஆளின்மேல், கட்டணம் கொடுத்து வழக்குப் போட்டு, தீர்ப்பை வாங்கி, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவருடைய மனைவியின் சீதனக் காணியைத் தொட முடியாது. தொட முடிந்தாலும் தொட விடமாட்டேன் என்று என் மனைவி முதல்நாளே சொல்லிவிட்டாள்.

சேமிப்பில் மிஞ்சிய முந்நூற்று ஐம்பத்துநாலு ரூபாயோடு, தவணை கேட்கப் பறங்கிப் பெண்ணிடம் போனேன். அவள் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் தந்தாள். நல்ல மனுசிதான். குண்டு விழுந்த பிறகு விலை இன்னும் இறங்கிவிட்டது, ஆனால் வாங்க ஆள் வந்துவிட்டார், இனிப் பொறுக்க முடியாது என்றாள். முற்பணம் ஐந்நூறும் பேச்சுப்படி போனது. அடுத்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னாள். மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். எங்களிடம் சாக்குக்குப் பஞ்சமில்லை.

கொட்டாஞ்சேனையில் ஸ்டோருக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்கு வந்தோம். கீழே சாக்குத் தூசி, மேலே நாங்கள். அவளுக்கு இருமல் பிடித்தது. இரவில் அவள் இருமும்போது, கீழே கிடக்கும் அடுக்குகளை நினைப்பேன். இப்போது ஒரே அடுக்குத்தான். மச்சான் யாழ்ப்பாணம் போய்விட்டார். கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார் என்று கேள்வி. நானா மட்டும் இடைக்கிடை வருவார். "ஒங்களுக்கு ஒரு ஒப்பத்தால போச்சு தம்பி" என்பார். பிறகு, "எனக்கும்தான்" என்பார். அவருக்கு என்ன போனது என்று நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு முறை யாராவது இருவர் சேர்ந்து ஏதாவது தொடங்கப் போகிறோம் என்று என்னிடம் வரும்போதும், வங்கிக் கடுதாசியை ஆளைக் கொண்டு முழுதும் வாசிப்பித்துக் கேளுங்கள் என்று சொல்கிறேன். அவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒருவர் செத்தால் மற்றவருக்குக் காசு எப்படி வரும் என்று என்னிடமே கேட்கிறார்கள்.

மச்சான் மூன்று தடவை காசு அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் இருபத்தைந்து ரூபாய். மணியோடருக்குப் பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதன்பிறகு வரவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை. எழுதப் போனால் மனைவி பேனையை எடுத்து வைத்துவிடுவாள். வங்கிக்குக் கொடுக்க வேண்டியது ஒரு சதமும் இல்லை, என் பெயரில் அது சுத்தமாக முடிந்துவிட்டது. அவர் எனக்குத் தர வேண்டிய பாதி, வட்டியில் பாதியும் சேர்த்து, வந்த எழுபத்தைந்தையும் கழித்து, இன்னும் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தெட்டு ரூபாய்.